முடித்த டிக்கெட் ஆறு முறை திரும்பத் திறக்கப்பட்டது: "முடிந்தது" என்றால் என்ன என்று டீமில் எப்படி ஒப்புக்கொள்வது?

முத்துவேல்_கோவை | திங்கள், காலை 9.40

வணக்கம். துணிக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், அப்புறம் நிறுவனர். வேலையெல்லாம் ஜிராவில் ஓடுகிறது.

எங்கள் பிரச்சினை இதுதான். முடிந்தது என்று `Done`-க்கு நகர்த்திய டிக்கெட் இரண்டு நாளில் திரும்பி வருகிறது. சரி செய்து மூடினால் மறுபடியும் வருகிறது. ஒரே டிக்கெட் ஆறு முறை திறக்கப்பட்டதைப் போன வாரம் எண்ணிப் பார்த்தேன். அதை எழுதிய பையன், "அண்ணா, இது எப்பதான் முடியும்?" என்று கேட்டான். டெஸ்டரும் அவனும் இப்போது தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள்.

டெஃபினிஷன் ஆஃப் டன் ஒன்று எழுதி வைத்தால் இது நிற்கும் என்று படித்தேன். உடனே ஒன்று எழுதினோம்: "கோட் எழுதியாச்சு, ரிவ்யூ ஆச்சு, டெஸ்ட் ஆச்சு, டாக்குமென்ட் ஆச்சு." சுவரில் ஒட்டி இரண்டு மாதம் ஆகிறது. ஒன்றும் மாறவில்லை. எங்கே தப்பு செய்கிறோம்?

---

கார்த்திக்_தேவ் | திங்கள், காலை 10.15

ப்ரோ, உங்கள் பட்டியல் மிகவும் சிறியது. ஸ்க்ரம் கைட் 2020 பதிப்பு தெளிவாகவே சொல்கிறது: வரையறையைப் பூர்த்தி செய்யாத வேலையை ரிலீஸ் செய்யக் கூடாது, ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் காட்டவும் கூடாது, அது பேக்லாகுக்கே திரும்பிப் போக வேண்டும். எனவே எல்லாவற்றையும் வரையறைக்குள் கொண்டுவாருங்கள். எங்களுடையதில் 27 வரிகள் இருக்கின்றன.

இன்னொன்று. ஜிரா வொர்க்ஃப்ளோவில் `Done`-இலிருந்து வெளியே போகும் டிரான்சிஷனை எடுத்துவிடுங்கள். வழி இல்லை என்றால் யாரும் திறக்க மாட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது.

---

ஆனந்தி_டெஸ்டர் | திங்கள், காலை 11.02

எப்போதும் டெஸ்டர் மேல்தான் பழி. தப்பு இருந்தால் திறக்காமல் வேறு என்ன செய்வது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை செய்த இடத்தில் ரீஓபன் எண்ணிக்கையை டெவலப்பர்களின் அப்ரைசலில் சேர்த்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, "அக்கா, ரீஓபன் போடாதீங்க, புது டிக்கெட்டாப் போட்டுடுங்க" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். நானும் போட்டேன், என்ன செய்வது, தினமும் முகம் பார்க்கிற மனிதர்கள். மூன்று மாதத்தில் ரீஓபன் எண்ணிக்கை பாதியாகிவிட்டது என்று மேனேஜர் ஸ்லைடு போட்டார். வாடிக்கையாளர் அனுப்பும் புகார் ஒன்றுகூடக் குறையவில்லை. தயவுசெய்து அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

---

முத்துவேல்_கோவை | திங்கள், காலை 11.20

ஆனந்தி, டெஸ்டரைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் டெஸ்டர் சொன்ன தப்பு ஒவ்வொன்றும் உண்மையான தப்புதான். அதனால்தான் எனக்கே குழப்பம். அப்ரைசலில் சேர்க்கும் எண்ணம் இல்லை.

---

நளினி_ரா | திங்கள், மதியம் 1.35

முத்துவேல், பட்டியலின் நீளத்தை அப்புறம் பார்க்கலாம். அந்த ஆறு முறை திறந்த டிக்கெட்டின் வரலாற்றை இங்கே எழுதுங்கள். டிக்கெட்டில் என்ன எழுதியிருந்தது, ஒவ்வொரு முறையும் யார் திறந்தார், என்ன சொல்லித் திறந்தார், எந்த இடத்தில் பார்த்தார், தப்புக்கு என்ன காரணம் என்று தெரிந்தது. நினைவிலிருந்து எழுதாமல் ஹிஸ்டரி டேபைப் பார்த்து எழுதுங்கள். 12 வருடம் டெஸ்டிங்கிலும் அப்புறம் டெலிவரியிலும் இருந்திருக்கிறேன். இப்படி ஒரு டிக்கெட்டை உரித்துப் பார்க்காமல் வரையறை எழுதிய எந்த டீமுக்கும் அது உதவி நான் பார்த்ததில்லை.

வேறு டிக்கெட்டுகளும் இப்படி இருக்கின்றனவா என்று பார்க்க இதை ஜிராவின் தேடலில் போடுங்கள். `BILL` இருக்கும் இடத்தில் உங்கள் ப்ராஜெக்ட் கீயை வையுங்கள்:

```
project = BILL AND status CHANGED FROM "Done" AFTER -90d
```

---

முத்துவேல்_கோவை | திங்கள், மாலை 6.50

90 நாளில் 31 டிக்கெட்டுகள் வந்தன. அந்த ஆறு முறை டிக்கெட் இதுதான். தலைப்பு: "ரசீதில் வாடிக்கையாளர் பெயர் தமிழில் வரவேண்டும்." விளக்கம் பகுதி காலி. தலைப்பே போதும் என்று நினைத்துவிட்டோம்.

முதல் முறை: டெவலப்பர் தன் லேப்டாப்பில் PDF எடுத்துப் பார்த்து மூடினான். டெஸ்டர் ஸ்டேஜிங்கில் பார்த்தபோது பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. அவன் லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு இருந்தது, சர்வரில் இல்லை.

இரண்டாவது: எழுத்துரு போட்டான். எழுத்து வந்தது, ஆனால் "கோமதி" என்ற பெயரில் கொம்பு இடம் மாறி நின்றது. அவன் "மாலா" என்ற பெயரை மட்டும் வைத்துச் சோதித்திருக்கிறான். மாலா அழகாக வந்தது.

மூன்றாவது: PDF நூலகத்தையே மாற்றி, பிரவுசர் எஞ்சின் வழியாக PDF எடுக்க வைத்தான். கோமதி சரியானது. டெஸ்டரும் ஓகே சொன்னார். ஒரு கடையில் 58 மி.மீ. தெர்மல் தாளில் அச்சிட்டபோது பெயர் இரண்டாம் வரிக்கு மடிந்து தொகையின் மேல் ஏறிவிட்டது. நிறுவனர் திறந்தார்.

நான்காவது: "பெயர் மட்டும் தமிழில் இருந்தால் எப்படி, முகவரியும் தமிழில் வரட்டும்" என்று நிறுவனர் திறந்தார்.

ஐந்தாவது: லைவில் போட்டோம். மறுபடியும் கட்டம் கட்டமாக வந்தது. முதல் தப்பே திரும்ப வந்ததால் டெஸ்டருக்குக் கோபம்.

ஆறாவது: போன வருட ரசீதை மறுபடி அச்சிட்டால் பெயர் ஆங்கிலத்திலேயே வருகிறது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். சப்போர்ட் பார்க்கிற தம்பி திறந்தான்.

---

நளினி_ரா | திங்கள், இரவு 9.10

நன்றி, இப்போது பேசலாம். ஆறு தடவையும் ஒரே "ரீஓபன்" பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே நடந்தது மூன்று வேறு விஷயம். ஒன்றுக்குப் பார்க்கும் மருந்து மற்றதற்கு வேலை செய்யாது.

முதலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாவது எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் என் ஊகம்: முதல் முறை எழுத்துருவை ஸ்டேஜிங் சர்வருக்குள் போய்க் கையால் நிறுவியிருப்பார்கள். டாக்கர்ஃபைலில் சேர்த்திருக்க மாட்டார்கள். லைவ் இமேஜ் புதிதாகக் கட்டப்படும்போது எழுத்துரு எப்படி வரும்? இரண்டு கண்டெய்னருக்குள்ளும் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
fc-list :lang=ta
```

லைவில் ஒன்றுமே வராது. ஸ்டேஜிங்கில் ஒரு வரியாவது வரும்.

இது தமிழ் ரசீதுக்கு மட்டும் உரிய தப்பு இல்லை. நாளைக்கு ஒரு கான்ஃபிக் மதிப்பை, ஒரு கிரான் வேலையை, ஒரு டேட்டாபேஸ் காலத்தைக் கையால் மாற்றினாலும் இதேதான் நடக்கும். எந்த டிக்கெட்டாக இருந்தாலும் பொருந்துகிற தப்பு என்பதால் இதற்கான வரிதான் டீமின் பொது வரையறையில் இருக்க வேண்டும். உங்கள் சுவர்ப் பட்டியலில் "டெஸ்ட் ஆச்சு" என்று இருக்கிறது. எங்கே, யார், எதை வைத்து என்று இல்லை. லேப்டாப்பில் பார்த்தவனும் டெஸ்ட் ஆச்சு என்றுதான் சொல்வான், அவன் சொன்னது பொய்யும் இல்லை.

இரண்டாவது வேறு வகை. "கோமதி" சரியாக வர வேண்டும் என்பதைப் பொது வரையறையில் எழுத முடியாது. லாகின் பக்கத்து டிக்கெட்டுக்கும் கோமதிக்கும் என்ன சம்பந்தம்? அது அந்த டிக்கெட்டிலேயே, வேலை தொடங்கும் முன் எழுதியிருக்க வேண்டிய உதாரணம். "மாலா" ஏன் ஏமாற்றியது என்று உங்கள் பையனுக்கும் சொல்லுங்கள். மா, லா இரண்டிலும் துணைக்கால் எழுத்துக்குப் பின்னால்தான் வருகிறது. கணினியில் சேமித்திருக்கும் வரிசையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையும் ஒன்றே. "கோ"வில் அப்படி இல்லை. சேமிப்பில் க முதலில், உயிர்க்குறி பின்னால். திரையில் அந்தக் குறியின் ஒரு பாதி முன்னால் நகர வேண்டும், மறு பாதி பின்னால் நிற்க வேண்டும். பழைய PDF நூலகம் அந்த நகர்த்தலைச் செய்யாமல் எழுத்தை அப்படியே வரிசையாக வைத்திருக்கும். எனவே சோதனைப் பெயர்களில் கோமதி, கௌரி, முத்து, ஸ்ரீதேவி இருந்தால் போதும், பெரும்பாலான சிக்கல் முதல் நாளே வெளியே வந்துவிடும்.

நான்காவதும் ஆறாவதும் ரீஓபனே இல்லை. முகவரி புது வேலை. பழைய ரசீது அதைவிடப் பெரிய கேள்வி, அதை மாற்றலாமா என்றே முதலில் முடிவு செய்ய வேண்டும். கொடுத்த ரசீதின் மறுபிரதி மூலத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று உங்கள் ஆடிட்டர் சொல்லலாம், கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டையும் பழைய டிக்கெட்டுக்குள் திணித்ததால்தான் அந்தப் பையனுக்கு முடிவே இல்லாதது போல இருந்தது. அவன் செய்த வேலை நடுவிலேயே முடிந்துவிட்டது, யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை.

---

முத்துவேல்_கோவை | திங்கள், இரவு 9.55

அக்கா, ஓட்டிப் பார்த்தேன். ஸ்டேஜிங்கில் மூன்று வரி வந்தது, லைவில் வெறுமை. பையனிடம் கேட்டேன். ஆமாம், கையால்தான் போட்டிருக்கிறான். டாக்கர்ஃபைலில் சேர்க்க அப்போது நேரம் இல்லை, அப்புறம் மறந்துவிட்டது என்றான்.

மூன்றாவதை, அந்த 58 மி.மீ. தாளை நீங்கள் விட்டுவிட்டீர்களே?

---

நளினி_ரா | திங்கள், இரவு 10.05

வேண்டுமென்றேதான் விட்டேன், அது எதில் சேரும் என்று எனக்கே உறுதியில்லை. உங்கள் கடைகளில் எத்தனை பேர் 58 தாள் வைத்திருக்கிறார்கள்?

---

முத்துவேல்_கோவை | திங்கள், இரவு 10.11

பாதிக்கு மேல். சின்னக் கடைகள் எல்லாமே அதுதான். எங்கள் ஆபீசில் இருப்பது 80 மி.மீ. பிரிண்டர்.

---

கார்த்திக்_தேவ் | செவ்வாய், காலை 8.30

அப்படியானால் அது பொது வரையறையில்தான் வர வேண்டும். அச்சாகும் எதுவானாலும் 58-இலும் பார்க்க வேண்டும். நான் சொன்ன 27 வரி இப்படித்தான் வளர்ந்தது. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரி.

நளினி மேடம், நீங்கள் சொன்ன பிரிவினை எனக்குப் புரிகிறது. ஆனால் நடைமுறையில் இரண்டு இடத்தில் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒரே பட்டியலாக இருந்தால் டிக் போட்டுக்கொண்டே போகலாம்.

---

நளினி_ரா | செவ்வாய், காலை 9.20

கார்த்திக், 58 தாளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. முத்துவேலின் பதிலைப் பார்த்த பிறகு நானும் அதைப் பொது வரையறையில்தான் போடுவேன். ஸ்க்ரம் கைடிலிருந்து சொன்னதும் சரிதான்.

27 வரியைத்தான் ஏற்க முடியவில்லை. உங்கள் டீமில் கடைசியாக மூடிய ஐந்து டிக்கெட்டுகளை எடுங்கள். அந்த 27 டிக்கில் எத்தனை டிக்குக்கு ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு படம், ஒரு லிங்க், ஒரு பெயர். லாகின் பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தின டிக்கெட்டுக்கும் அச்சு வரி, டேட்டாபேஸ் வரி, பேக்கப் வரி எல்லாம் நிற்கும். பொருந்தாத வரிக்கு டிக் போட்டுப் போட்டுக் கை பழகிவிடும். அப்புறம் பொருந்தும் வரிக்கும் பார்க்காமலேயே விழும்.

நான் ஒரு வரியைச் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேட்பேன். இந்த வரி இல்லாததால் போன மூன்று மாதத்தில் எந்த டிக்கெட் திரும்பி வந்தது, எண்ணைச் சொல். அப்புறம், இதற்கு ஆம் அல்லது இல்லை என்று இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே பதில் வருமா? "டாக்குமென்ட் ஆச்சு" என்பதில் வராது. "மாற்றம் முழுவதும் ரெப்போவில் இருக்கிறது, சர்வரில் கையால் எதுவும் செய்யவில்லை" என்பதில் வரும்.

டிரான்சிஷனை எடுப்பது பற்றி: செய்யலாம், ஆனால் அதை மட்டும் செய்தால் திறப்பது நிற்காது, இடம் மாறும். மூடிய டிக்கெட்டின் கமென்டில் "இன்னும் வரலையே" என்று எழுதுவார்கள். போர்டில் அது தெரியாது. வாட்ஸாப்பில் வரும். அதுவும் தெரியாது. திறந்த டிக்கெட்டாவது கண்ணில் படும்.

---

சிவகாசி_செல்வம் | செவ்வாய், மதியம் 12.40

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை தம்பி, அச்சகம் வைத்திருக்கிறேன். என் மகன் இந்த இழையைக் காட்டினான். எங்கள் தொழிலில் இது ப்ரூஃப் கையெழுத்து. பத்திரிகை ப்ரூஃப் எடுத்துக் கொடுப்போம், பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பிளேட். நாலு கலர் என்றால் நாலு பிளேட். அதற்குப் பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் பிளேட் செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.

ஒருமுறை கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் அப்பா வந்து கையெழுத்துப் போட்டார். ஆயிரம் பத்திரிகை ஓட்டி முடித்தோம். சாயங்காலம் அம்மா வந்து, தன் அண்ணன் பெயரில் இனிஷியல் தப்பு என்றார். தாய்மாமன் பெயர், விடமுடியுமா? திரும்ப ஓட்டினோம், பாதிச் செலவு என் தலையில். அன்றிலிருந்து ப்ரூஃப் கொடுக்கும்போதே கேட்டுவிடுவேன்: வீட்டில் இதை யார் பார்த்தால் மாறாது? அவர் கையெழுத்து வேண்டும். போன் படத்தில் பார்த்து ஓகே சொன்னால் ஏற்பதில்லை. தாளில் பார்க்க வேண்டும்.

உங்கள் கதையில் டெஸ்டர் ஓகே சொன்ன பிறகு முதலாளி திறக்கிறார். அப்படியென்றால் கையெழுத்துப் போடும் ஆள் முதலாளிதானே? அவருக்கு ஏன் கடைசியில் காட்டுகிறீர்கள்?

---

முத்துவேல்_கோவை | செவ்வாய், மதியம் 1.15

ஐயா, இந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் சுவர்ப் பட்டியலை நானும் டெவலப்பர்களும் உட்கார்ந்து எழுதினோம். நிறுவனர் அதைப் படித்தாரா என்றுகூடத் தெரியாது. டெஸ்டருக்கும் எழுதிய பிறகுதான் காட்டினோம்.

---

ஆனந்தி_டெஸ்டர் | செவ்வாய், மதியம் 2.05

டெஸ்டர் இல்லாமல் எழுதிய பட்டியலை வைத்து டெஸ்டர் எப்படி நடப்பார்? என் நேற்றைய கோபம் இப்போது புரிந்திருக்கும்.

செல்வம் ஐயா சொன்னது சரி. நான் இப்போது இருக்கிற இடத்தில் வேலை எடுக்கும் முன் மூன்று பேர் உட்காருவோம். கேட்டவர், செய்பவர், நான். 15 நிமிடம்தான். "இந்தப் பெயர் வந்தால் என்ன ஆகும், இந்தத் தாளில் என்ன ஆகும்" என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், கேட்டவர் பதில் சொல்லச் சொல்ல டிக்கெட்டில் உதாரணமாக எழுதுவோம். அப்புறம் மிக முக்கியமாக ஒரு வரி: "இதில் வராதவை." முகவரி வராது, பழைய ரசீது வராது என்று அப்போதே எழுதினால் கேட்டவர் அங்கேயே சொல்லிவிடுவார், "இல்லை, முகவரியும் வேண்டும்" என்று. சண்டை முதல் நாளே முடிந்துவிடும்.

---

நளினி_ரா | செவ்வாய், மாலை 4.30

"இதில் வராதவை" வரியை நான் சொல்லாமல் விட்டது தவறு. ஆனந்தி சொன்னதைக் கட்டாயம் சேருங்கள்.

இனி எப்போது திறக்கலாம் என்ற விதி. எங்கள் டீமில் இப்படி வைத்திருக்கிறோம். திறப்பவர் எழுதப்பட்ட ஒரு வரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். பொது வரையறையின் வரியாக இருக்கலாம், டிக்கெட்டில் உள்ள உதாரணமாக இருக்கலாம். "உதாரணம் 2, கோமதி, ஸ்டேஜிங்கில் உடைந்து வருகிறது, படம் இணைத்துள்ளேன்." இப்படி எழுத முடிந்தால் திறக்கலாம், யாரும் மறுப்புச் சொல்லக் கூடாது. எந்த வரியையும் சுட்ட முடியவில்லையா, புது டிக்கெட் போட்டுப் பழையதோடு லிங்க் செய்ய வேண்டும். தப்பு சின்னதா பெரியதா என்பது இங்கே கேள்வியே இல்லை. பெரிய தப்புகூடப் புது டிக்கெட்டாக வந்து இன்றே முதல் வேலையாகப் போகலாம்.

லைவுக்குப் போய்விட்டால் திறப்பது கிடையாது, எப்போதும் புது பக் டிக்கெட்தான். காரணம் இருக்கிறது. ஒரே டிக்கெட் எண்ணில் கமிட்கள் இரண்டு ரிலீஸில் போனால், மூன்று மாதம் கழித்து "இந்தத் திருத்தம் எந்தப் பதிப்பில் இருக்கிறது?" என்று சப்போர்ட் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது. இரண்டிலும் பாதி பாதி இருக்கும்.

ஜிராவில் ஒரு சின்ன விஷயம். திறக்கும் டிரான்சிஷனை வைத்திருந்தால் அதில் `Resolution` புலத்தைக் காலி செய்யும் போஸ்ட் ஃபங்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் `In Progress`-இல் இருந்தாலும் ஜிரா அதைத் தீர்ந்ததாகவே எண்ணும். எண்ணில் கோடு விழுந்தே இருக்கும், ரிப்போர்ட்களில் மறைந்துவிடும்.

---

கார்த்திக்_தேவ் | செவ்வாய், மாலை 5.10

லைவுக்குப் போனபின் திறக்கக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முத்துவேலின் ஐந்தாவது தடவையைப் பாருங்கள். லைவில் கட்டம் வந்தது. அதைப் புது பக் என்று போட்டால் முதல் டிக்கெட் முடிந்ததாகக் கணக்கில் நிற்கும். வாடிக்கையாளர் கையில் ஒருநாளும் சரியாக வராத வேலை எப்படி முடிந்தது? எங்களுக்கு `Done` என்றால் லைவில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தது.

சொன்னபடி என் 27 வரியை ஐந்து டிக்கெட்டில் பார்த்தேன். ஆதாரம் இருந்தது 6 வரிக்குத்தான். மீதியை என்ன செய்வது என்று டீமில் பேச வேண்டும்.

---

நளினி_ரா | செவ்வாய், மாலை 5.45

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி, கார்த்திக்.

லைவில் பார்த்தால்தான் `Done` என்பது நல்ல வரையறைதான், தினமும் ரிலீஸ் செய்யும் டீமுக்கு. மாதம் ஒருமுறை ரிலீஸ் செய்பவர்களுக்கு 30 நாள் டிக்கெட்டுகள் முடியாமல் தொங்கும், யார் கையில் என்ன வேலை இருக்கிறது என்றே தெரியாமல் போகும். முத்துவேல் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரிலீஸ் செய்கிறார் என்று தெரியாமல் நான் ஒரு பக்கம் நிற்க மாட்டேன்.

---

முத்துவேல்_கோவை | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 7.20

இங்கே பேசியதை வைத்துச் செய்தவற்றை எழுதுகிறேன்.

31 டிக்கெட்டையும் நான், டெஸ்டர், நிறுவனர் மூவரும் ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்து பிரித்தோம். 14 புது வேலை, ரீஓபனே இல்லை. 9 டிக்கெட்டில் உதாரணம் எழுதாததால் வந்தவை. 6 பொது வரையறைக்குரியவை, அதில் நான்கு "சர்வரில் கையால் செய்தது". மீதி இரண்டில் மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம், விட்டுவிட்டோம். 14 என்ற எண்ணைப் பார்த்ததும் நிறுவனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதில் பாதி நான் போட்டது" என்றார்.

சுவர்ப் பட்டியலைக் கிழித்தோம். இப்போது இருப்பது இவ்வளவுதான்:

> மாற்றம் முழுவதும் ரெப்போவில் இருக்கிறது. சர்வரில் கையால் எதுவும் செய்யவில்லை.
>
> ஸ்டேஜிங்கைப் புதிதாகக் கட்டி, அதில் ஓடிப் பார்த்தாயிற்று.
>
> டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் எழுதியவர் அல்லாத ஒருவர் ஓட்டிப் பார்த்து, படம் இணைத்திருக்கிறார்.
>
> தாளில் அச்சாகும் வேலை என்றால் 58 மி.மீ. தாளில் அச்சிட்ட படம் இருக்கிறது.

வேலை எடுக்கும் முன் 15 நிமிடப் பேச்சு. முகவரி டிக்கெட்டை இப்படித்தான் எடுத்தோம். "இதில் வராதவை: பழைய ரசீதுகள், எஸ்எம்எஸ்" என்று எழுதியபோது நிறுவனர், எஸ்எம்எஸ்ஸில் வேண்டாமா என்று கேட்டார். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துக்குப் பதில் 70-தான் பிடிக்கும், செலவு கூடும் என்று டெவலப்பர் சொன்னதும் அவரே வேண்டாம் என்றார். முன்பு இது ஏழாவது ரீஓபனாக வந்திருக்கும். அந்த டிக்கெட் ஒரே முறை திறந்தது. எட்டாவது உதாரணத்தில் "ஸ்ரீ" உடைந்தது. டெஸ்டர் வரியைக் காட்டித் திறந்தார், பையன் ஒரு வார்த்தை மறுக்காமல் சரி செய்தான். இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

கார்த்திக், நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிலீஸ் செய்கிறோம். லைவில் பார்ப்பதை வரையறையில் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. போன ரிலீஸில் லைவில் மட்டும் வந்த தப்பு ஒன்று இருந்தது, புது பக்காகப் போட்டோம். டெவலப்பர்களுக்குத் திருப்தி, டெஸ்டருக்கு இல்லை.

பழைய ரசீது பற்றி ஆடிட்டரிடம் கேட்டோம், மறுபிரதியை மாற்ற வேண்டாம் என்றார். அந்த டிக்கெட்டை மூடிவிட்டோம்.

ஒரு தொல்லை மிச்சம். 58 பிரிண்டர் ஒன்றுதான் வாங்கினோம். டெஸ்டர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். அந்த நாட்களில் நான்காம் வரி காத்துக்கிடக்கிறது.

---

ஆனந்தி_டெஸ்டர் | வெள்ளி, மாலை 7.50

58 தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., அதாவது 384 புள்ளி. அந்த அகலத்தில் படமாக எடுத்து வீட்டில் முதலில் பாருங்கள். மடிப்பும் தொகைமேல் ஏறுவதும் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதை வைத்து மூடாதீர்கள். புள்ளிகள் கொட்டி எழுத்து அடைத்துக்கொள்வது தாளில்தான் தெரியும், முக்கியமாக "ஞ", "ஐ" போன்ற எழுத்துகளில்.

---

சிவகாசி_செல்வம் | வெள்ளி, இரவு 8.30

ஆபீசில் இருக்கிற யாராவது ஒருவர் அச்சிட்டு, தாளோடு ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்பட்டும் தம்பி. ஸ்கேல் இல்லாத படத்தில் எழுத்தின் அளவு தெரியாது.